போனில் எடுத்த ஆவணப் படம்: மேசையும் நிழலும் போய்ப் பக்கம் மட்டும் நிற்பது எப்படி

சில மாதங்களுக்கு முன்பு ஒரு கடிதத்தைப் போனில் படம் எடுத்து, சுற்றியிருந்த மேசையை வெட்டிவிட்டு, ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் திரும்பி வந்தது. மேல் வரியில் உள்ள பதிவு எண்ணைப் படிக்க முடியவில்லை, அதில் ஓர் இலக்கம் 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை என்றார்கள். படம் என் போன் திரையில் நன்றாகத்தான் இருந்தது. என்ன தவறு என்று உட்கார்ந்து பார்த்தபோது, வெட்டுவது என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வேலைக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் இருப்பது புரிந்தது. ஒன்று, பக்கத்தின் வடிவத்தை மீட்பது. மற்றொன்று, பக்கத்தின் மேல் விழுந்த வெளிச்சத்தை நீக்குவது. இரண்டையும் அந்தப் படத்தை வைத்தே சொல்கிறேன்.

படம் 3024 பிக்சல் அகலம், 4032 பிக்சல் உயரம். தாள் ஏ4, அதாவது 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. உயரமும் கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து எடுத்தேன். படத்தில் தாளின் மேல் விளிம்பு 1750 பிக்சல் நீளம், கீழ் விளிம்பு 2490 பிக்சல் நீளம். ஒரே தாள், இரண்டு பக்கமும் ஒரே 210 மி.மீ. தான். ஆனால் கீழ் விளிம்பு கேமராவிலிருந்து ஏறக்குறைய 25 செ.மீ. தூரத்திலும், மேல் விளிம்பு 36 செ.மீ. தூரத்திலும் இருந்தன. தூரம் கூடக் கூட அதே விகிதத்தில் நீளம் சுருங்கும். அதனால் படத்தில் இருந்தது செவ்வகம் இல்லை, மேலே குறுகிய ஒரு நாற்கரம்.

இப்போது போனில் உள்ள சாதாரண கிராப் கருவியைத் திறந்தால் அது தருவது நேரான செவ்வகச் சட்டம் ஒன்றுதான். சட்டத்தை நான்கு மூலைகளும் அடங்கும்படி வைத்தால், மேல் இரண்டு மூலைகளுக்கும் வெளியே ஆளுக்கொரு முக்கோணமாக மேசை ஒட்டிக்கொண்டே இருக்கும். என் படத்தில் ஒவ்வொரு முக்கோணமும் மேலே 370 பிக்சல் அகலம். மேசையே தெரியக்கூடாது என்று சட்டத்தை மேல் விளிம்பின் அகலத்துக்கு இறுக்கினால், கீழே இரு பக்கமும் அதே 370 பிக்சல் பறிபோகும். கீழ் விளிம்பில் அது தாளில் 31 மி.மீ.-க்குச் சமம். ஓரத்தில் விடும் வெற்றிடம் பெரும்பாலும் 25 மி.மீ. தான். ஆக, கீழே உள்ள வரிகளில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் போய்விடும். செவ்வகச் சட்டத்தால் நாற்கரத்தை வெட்ட முடியாது. எப்படி நகர்த்தினாலும் ஒன்று மேசை மிஞ்சும், அல்லது எழுத்து குறையும்.

ஸ்கேன் செய்யும் செயலிகள் செய்வது வேறு. அவை தாளின் நான்கு மூலைகளைக் கண்டுபிடித்து, அவற்றை ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளுக்கு இழுத்து வைக்கின்றன. நடுவில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் அதற்கேற்ப இடம் மாறுகிறது. இந்த இடமாற்றத்துக்கு எட்டு எண்கள் தெரிந்தால் போதும். ஒரு மூலைக்குக் குறுக்கில் ஓர் எண், நெடுக்கில் ஓர் எண் என்று நான்கு மூலைகள் எட்டு எண்களைத் தந்துவிடுகின்றன. ஆகவே நான்கு மூலைகள் தெரிந்தால் மீதி எல்லாமே கணக்கு. ஓப்பன்சிவி என்ற இலவச நிரலகத்தில் என் படத்துக்கான மூலைகளைக் கொடுத்து எழுதினால் இவ்வளவுதான்:

```python
import cv2, numpy as np

img = cv2.imread("page.jpg")
src = np.float32([[640,740],[2390,750],[2760,3500],[270,3490]])
dst = np.float32([[0,0],[2479,0],[2479,3507],[0,3507]])
M = cv2.getPerspectiveTransform(src, dst)
page = cv2.warpPerspective(img, M, (2480, 3508))
```

முதல் பட்டியல் தாளின் மூலைகள், இரண்டாவது அவை போய்ச் சேர வேண்டிய இடம். மேல் இடது, மேல் வலது, கீழ் வலது, கீழ் இடது என்ற வரிசை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறிவிட்டால் பக்கம் திரும்பியோ முறுக்கியோ வரும். அது கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை.

கண்ணுக்கு உடனே தெரியாத தவறு வேறொன்று இருக்கிறது. போய்ச் சேர வேண்டிய செவ்வகம் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று யார் சொன்னது? நான் 2480-க்கு 3508 என்று கொடுத்ததற்குக் காரணம், தாள் ஏ4 என்று எனக்குத் தெரியும் என்பதுதான். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் ஸ்கேன் செய்தால் வரும் அளவு அது. தாளின் அளவு தெரியாத ஒரு நிரல் என்ன செய்யும்? இணையத்தில் கிடைக்கும் பல மாதிரி நிரல்கள் படத்தில் உள்ள பக்கங்களையே அளந்து, அதில் நீளமானதை எடுத்துக்கொள்கின்றன. என் படத்தில் நீளமான அகலம் 2490. இடது, வலது விளிம்புகள் இரண்டும் ஏறக்குறைய 2775. இதன்படி உயரம் அகலத்தைப் போல 1.11 மடங்கு. உண்மையில் ஏ4 தாளின் உயரம் அகலத்தைப் போல 1.41 மடங்கு. ஆக, பக்கம் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குள்ளமாகிவிடும். சாய்வாகப் பார்க்கும்போது தாளின் உயரம் ஒடுங்கித் தெரிகிறது, அந்த ஒடுக்கத்தை நிரல் உண்மை அளவு என்று எடுத்துக்கொள்கிறது.

வெட்டிய பக்கம் நேராகவும் சுத்தமாகவும் இருப்பதால் இந்தக் குள்ளத்தை யாரும் கவனிப்பதில்லை. கண்டுபிடிக்க எளிய வழி, பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு வட்டத்தைப் பார்ப்பது. வட்ட முத்திரையோ, வட்டச் சின்னமோ முட்டை வடிவில் படுத்திருந்தால் விகிதம் தவறிவிட்டது என்று அர்த்தம். செயலியில் தாள் அளவைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் அங்கே ஏ4 என்று சொல்லிவிடுவது நல்லது. ஆனால் ரசீது, பழைய சான்றிதழ் போல ஏ4 அல்லாத தாளுக்கு ஏ4 என்று சொன்னால் இதே தவறு மறுபடியும் நடக்கும். தாளை ஒரு ஸ்கேலால் அளந்து அந்த விகிதத்தைக் கொடுப்பதுதான் அப்போது சரி.

அளக்காமலே விகிதத்தைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் செங்யூ ஜாங், லிவெய் ஹே இருவரும் வெண்பலகைப் படங்களை நேராக்குவதற்காக அதை எழுதி வைத்தார்கள். கேமராவின் குவிய நீளம் தெரிந்தால், நாற்கரம் எப்படி ஒடுங்கியிருக்கிறது என்பதிலிருந்தே தாள் எவ்வளவு சாய்ந்திருந்தது, அதன் உண்மை விகிதம் என்ன என்று கணக்கிடலாம். குவிய நீளம் பெரும்பாலும் படக் கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும். ஒரு நிபந்தனை, படம் எடுத்தபடியே இருக்க வேண்டும். லென்ஸின் மையம் படத்தின் மையத்தில் இருக்கிறது என்று இந்தக் கணக்கு நம்புகிறது. முதலில் சாதாரண கிராப்பில் கொஞ்சம் வெட்டிவிட்டு அப்புறம் ஸ்கேன் செயலிக்குக் கொடுத்தால் அந்த மையம் நகர்ந்துவிடும். அதனால்தான் ஸ்கேன் செயலிக்கு எப்போதும் முழுப் படத்தையே கொடுக்கச் சொல்கிறேன்.

மூலைகளைக் கண்டுபிடிக்கும் வேலை பெரும்பாலும் தானாகவே நடக்கிறது. வெளிச்சம் சட்டென்று மாறும் இடங்களை விளிம்புகளாக எடுத்து, அவற்றில் நான்கு நேர்கோடுகளால் மூடிய பெரிய வடிவத்தைத் தாள் என்று முடிவு செய்வது பழைய வழி. வெள்ளை மேசையில் வெள்ளைத் தாள் இருந்தால் அந்த மாற்றமே இருக்காது. அடியில் ஒரு கருநிறத் துணியோ அட்டையோ விரித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கோடு போட்ட மேசை விரிப்பு அதைவிட மோசம், அங்கே விளிம்புகள் தேவைக்கு அதிகமாகக் கிடைத்துவிடும். ஆனால் என்னை அதிகம் ஏமாற்றியது இன்னொன்று. தாள் ஒருபுறம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தால், அதன் நிழல் மேசையில் ஒரு மெல்லிய பட்டையாக விழும். நிரல் சில சமயம் தாளின் விளிம்பை விட்டுவிட்டு அந்த நிழலின் வெளி ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெட்டிய பக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் சாம்பல் நிறக் கீற்று ஓடினால் இதுதான் காரணம். மூலைப் புள்ளியைக் கையால் உள்ளே நகர்த்துவதுதான் தீர்வு. பெரிதாக்கிப் பார்த்து, தாளின் உண்மையான மூலைக்கு மூன்று நான்கு பிக்சல் உள்ளே வைத்தால் கீற்றும் வராது, எழுத்தும் போகாது.

மூலை மடங்கியோ விரலுக்கு அடியிலோ இருந்தால், தெரிகிற இரண்டு விளிம்புகளையும் மனதில் நீட்டி, அவை சந்திக்கும் இடத்தில் புள்ளியை வைக்க வேண்டும். மடங்கிய இடத்திலேயே புள்ளியை வைத்தால் அந்த ஒரு மூலை மட்டுமல்ல, மொத்தப் பக்கமும் அந்தப் பக்கமாகச் சரியும். நான்கு மூலைகளும் எல்லாப் புள்ளிகளையும் சேர்த்தே தீர்மானிக்கின்றன.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. நேர்கோட்டை அது நேர்கோடாகவே வைத்திருக்கும், வளைந்ததை நிமிர்த்தாது. தாள் வளைந்திருந்தால், நான்கு மூலைகளும் சரியாக இருந்தாலும் விளிம்பின் நடுப்பகுதி உள்ளே வளைந்து மேசையைக் காட்டும், அல்லது வெளியே புடைத்து வெட்டுப்படும். மடித்து உறையில் வந்த கடிதங்களில் இது அதிகம். வெட்டிய படத்தில் ஒரு வரியின் அடியில் காகித விளிம்பை வைத்துப் பாருங்கள். வரி நடுவில் ஏறியோ இறங்கியோ நின்றால், மூலைகளை எவ்வளவு நகர்த்தியும் பயனில்லை. தாளைச் சில மணி நேரம் கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டு மறுபடி எடுப்பதுதான் வேகமான வழி.

சரி, மேசை போய்விட்டது. இனி நிழல்.

நிழலை நீக்கப் பலரும் முதலில் தொடுவது பிரைட்னஸ். அது ஏன் உதவாது என்பதற்கு ஒரு கணக்கு. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு உண்டு, 0 கருமை, 255 வெண்மை. வெளிச்சம் விழும் இடத்தில் தாள் 220, மை 60 என்று வைத்துக்கொள்வோம். போனின் நிழல் விழுந்து இந்த மதிப்புகள் பாதியாகக் குறைந்த இடத்தில் தாள் 110, மை 30. நிழலில் உள்ள தாளை 220-க்குக் கொண்டுவர 110-ஐக் கூட்டினால், அங்கே மை 140 ஆகிவிடும். தாள் வெளுத்தது, கூடவே எழுத்தும் வெளுத்தது. வெளிச்சமான பகுதியிலோ தாள் 255-ஐத் தாண்டி முற்றிலும் வெளிறிவிடும்.

கறுப்பு வெள்ளை முறைக்கு மாற்றினாலும் அதே கதைதான், வேறு முகத்தோடு. 128-க்கு மேல் எல்லாம் வெள்ளை, கீழே எல்லாம் கறுப்பு என்று ஒரே கோடு போட்டால், நிழலில் உள்ள 110 மதிப்புத் தாளும் கறுப்புக்குள் போய்விடும். பக்கத்தின் ஒரு மூலை முழுக்க மை கொட்டியது போல வரும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது நிழலின் வேலை, மோசமான கேமராவின் வேலை இல்லை.

இப்போது கூட்டலை விட்டுவிட்டு வகுத்துப் பாருங்கள். வெளிச்சத்தில் 60-ஐ 220-ஆல் வகுத்தால் 0.27. நிழலில் 30-ஐ 110-ஆல் வகுத்தாலும் 0.27. மை, தன்னைச் சுற்றியுள்ள தாளைவிட எவ்வளவு கருமையானது என்ற விகிதம் நிழலில் மாறுவதில்லை. ஏனென்றால் நிழல் மையையும் தாளையும் ஒரே பங்கால் குறைக்கிறது. ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் அந்த இடத்தில் வெறும் தாள் எவ்வளவு வெளிச்சமாக இருந்திருக்கும் என்று தெரிந்தால், அதால் வகுத்து 255-ஆல் பெருக்கினால் போதும். தாள் எங்கும் 255, மை எங்கும் 70. நிழல் இருந்த சுவடே இருக்காது.

எழுத்துக்கு அடியில் தாள் எவ்வளவு வெளிச்சம் என்று எப்படித் தெரியும்? எழுத்தின் கோடுகள் மெல்லியவை, நிழல் பெரியது. இந்த அளவு வித்தியாசம்தான் கைகொடுக்கிறது. முதலில் வெளிச்சமான புள்ளிகளைச் சுற்றிலும் பரவ விட்டு எழுத்துகளை மூட வேண்டும். பிறகு அதே அளவு பின்வாங்க விட வேண்டும். மெல்லிய கோடுகள் மூடியபடியே போய்விடும், நிழல் இருந்த இடத்திலேயே நிற்கும். மிஞ்சுவது எழுத்தில்லாத ஒரு வெற்றுத்தாளின் படம், அதன் நிழலோடு.

```python
out = page.copy()
k = np.ones((25, 25), np.uint8)
for c in range(3):
    ch = np.ascontiguousarray(page[:, :, c])
    bg = cv2.morphologyEx(ch, cv2.MORPH_CLOSE, k)
    bg = cv2.medianBlur(bg, 51)
    out[:, :, c] = cv2.divide(ch, bg, scale=255)
```

பின்வாங்கும் அந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டு, பரவ விடுவதோடு நிறுத்தும் நிரல்களும் உண்டு. அப்போது நிழலின் ஓரம் உள்நோக்கி நகர்ந்துவிடும், முடிவில் நிழல் இருந்த எல்லை நெடுகிலும் ஏறக்குறைய ஒரு மி.மீ. அகலத்தில் சாம்பல் கோடு ஒன்று வளைந்து ஓடும். நிழல் போனது, நிழலின் கோட்டுச் சித்திரம் மட்டும் நிற்கிறது என்றால் இதைச் சந்தேகிக்கலாம்.

25 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். அங்குலத்துக்கு 300 பிக்சல் உள்ள பக்கத்தில் சாதாரண எழுத்தின் கோடு சில பிக்சல்களே தடிமன், அதனால் 25 தாராளம். ஆனால் பக்கத்தில் ஒட்டிய புகைப்படம் 35-க்கு 45 மி.மீ. இருந்தால் அது 413-க்கு 531 பிக்சல். அவ்வளவு பெரிய கருமையை இந்த முறை எழுத்து என்று நினைக்காது, நிழல் என்றே நினைக்கும். முகம் வெளிறி, முடியின் ஓரமும் கண்ணும் மட்டும் கோடுகளாக மிஞ்சும். கனமான முத்திரையின் நிரப்பிய பகுதியும் இப்படியே உள்ளீடற்றுப் போகும். வண்ணத் தாளும் வெள்ளையாகிவிடும், ஏனென்றால் தாளின் நிறம் எதுவோ அதுவே வெண்மை என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. மஞ்சள் விளக்கின் சாயலை நீக்க இதே குணம் உதவுகிறது என்பதும் உண்மை. ஆகவே புகைப்படமும் முத்திரையும் உள்ள ஆவணத்துக்கு நான் இந்த வடிகட்டியைப் போடுவதே இல்லை. நிழல் விழாமல் எடுத்து, வண்ணத்தை அப்படியே விடுகிறேன். செயலிகளில் ஆவணம், புகைப்படம் என்று தனித்தனி முறைகள் இருப்பதும் இதனால்தான்.

நிழலுக்கு அடியில் எவ்வளவு தகவல் மிஞ்சியிருக்கிறது என்பதும் முக்கியம். வெளிச்சத்தில் தாளுக்கும் மைக்கும் இடையே 160 படிகள் இருந்தன. அடர்ந்த நிழலில் தாள் 40, மை 11 என்றால் 29 படிகள்தான். வகுத்து விரித்தால் விகிதம் சரியாக வரும், ஆனால் கேமராவின் மணற்புள்ளி இரைச்சலும் சேர்ந்தே விரியும். எழுத்தைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாகத் தெரிவது அதுதான்.

வடிவம் முதலில், நிழல் பிறகு என்ற வரிசையை மாற்ற வேண்டாம். மேசை படத்தில் இருக்கும்போதே வெளிச்சத்தைக் கணக்கிட்டால், வெளிர்நிற மேசை தாளின் ஓரக் கணக்கைக் கெடுத்துவிடும்.

இனி என் பதிவு எண்ணுக்கு வருகிறேன். மேல் விளிம்பின் 1750 பிக்சலை 8.27 அங்குலத்துக்குப் பங்கிட்டால் அங்குலத்துக்கு 212 பிக்சல். கீழே அதுவே 301. சாய்வினால் உயரவாக்கில் மேல் பகுதி இன்னும் ஒடுங்கியிருந்தது, அங்கே ஏறக்குறைய 166 தான். நேராக்கும் நிரல் மேல் வரிகளை 300-க்கு இழுத்தபோது இல்லாத பிக்சல்களைப் பக்கத்துப் பிக்சல்களுக்கு இடைப்பட்ட மதிப்பால் நிரப்பியது. 3-இன் இடதுபுறத் திறப்பு அந்த நிரப்பலில் மூடிப்போனது. அதோடு என் தலையின் நிழலும் மேல் பகுதியில்தான் விழுந்திருந்தது. எந்த வடிகட்டியாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, ஏனென்றால் படம் எடுத்த நொடியிலேயே அது பதிவாகவில்லை.

சாதாரணமாகப் போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. ஏ4 தாள் சட்டத்தை நிரப்ப வேண்டுமென்றால் போனை 25 செ.மீ. அளவுக்கு அருகில் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அவ்வளவு அருகில் சிறு சாய்வும் பெரிய ஒடுக்கமாகும், போனின் நிழலும் தாளிலேயே விழும். என் போனில் இரண்டு மடங்கு நெருக்கிக் காட்டும் தனி லென்ஸ் இருப்பதால், எழுந்து நின்று 55 செ.மீ. உயரத்திலிருந்து அதில் எடுத்தேன். தனி லென்ஸ் இல்லாமல் எண்முறையில் பெரிதாக்கும் போனாக இருந்தால் இது உதவாது, அருகிலேயே இருந்து போனைத் தாளுக்கு இணையாகப் பிடிப்பதுதான் வழி. தாளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, என் உடல் வெளிச்சத்துக்குக் குறுக்கே வராமல் நின்றேன். பிளாஷ் போடவில்லை, அது தாளின் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டை வைத்து அங்குள்ள எழுத்தை அழித்துவிடும்.

இரண்டாவது படத்தில் மேல் விளிம்பு 2300 பிக்சல், கீழ் விளிம்பு 2360. மேல் வரிக்கு அங்குலத்துக்கு 278 பிக்சல் கிடைத்தது. அதே நிரலில் மூலைகளை மட்டும் மாற்றி ஓட்டினேன். நிழல் நீக்கும் பகுதிக்கு வேலையே இல்லை. பதிவு எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தால், 3-இன் இடதுபுறம் திறந்திருந்தது.